தடித்த டியூபா, சாதா டியூபா? கல் பாதையில் பாம்புக்கடி பஞ்சரும் ரிம் டேப்பும்

கல் பாதையில் மவுண்டன் பைக் பஞ்சர் ஆனதும் பலர் செய்யும் முதல் வேலை, இருப்பதிலேயே தடித்த டியூபைத் தேடுவது. சில நேரம் அது சரியான முடிவுதான், பல நேரம் வெறும் எடைதான் கூடுகிறது. எது உங்கள் கதை என்பதைக் கழற்றிய டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே சொல்லிவிடும், அதனால் அதைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

டயருக்கு வெளிப்பக்கம், அதாவது தரையைப் பார்த்த பக்கத்தில் ஒரே ஒரு ஓட்டை என்றால் முள்ளோ கண்ணாடியோ குத்தியிருக்கிறது. இரண்டு சின்னக் கீறல்கள் பக்கம்பக்கமாக இருந்தால் அதுதான் பாம்புக்கடி: கல்லில் மோதும்போது டயர் முழுக்க நசுங்கி, ரிம்மின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் டியூபின் இரண்டு சுவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்கின்றன. இரண்டில் ஒன்று கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக இருக்கலாம், பெரியதை மட்டும் ஒட்டிவிட்டுப் போனால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காற்று இறங்கிவிடும், ஆகவே தண்ணீரில் முக்கிப் பாருங்கள். மூன்றாவது வகை, ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பார்த்தபடி இருப்பது. இதற்கும் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை, குற்றவாளி, ஸ்போக் துளைகளை மூட ரிம்முக்குள் சுற்றியிருக்கும் பட்டையான ரிம் டேப்.

முதலில் பாம்புக்கடிக்கு வருவோம், டியூப் தேர்வு நிஜமாகவே பேசுவது அங்கேதான்.

சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 29 அங்குல சக்கரத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் இருக்கும், சுவர் தடிமன் 0.9 மி.மீ. பக்கம். எடை குறைந்தவை என்று விற்பவை இதைவிட மெல்லியவை, கல் பாதைக்கு அவை வேண்டாம் என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். டவுன்ஹில் டியூப்கள் எனப்படும் தடித்தவை கிட்டத்தட்ட இரு மடங்கு எடை. அந்தக் கூடுதல் ரப்பர் உண்மையில் வேலை செய்கிறது, நசுங்கும்போது சுவர் கிழிய அதிக விசை தேவைப்படுகிறது. ஆனால் அது தள்ளிப்போடும் வேலைதான், தடுக்கும் வேலை அல்ல. ரிம் கல்லில் இடிப்பது அப்படியேதான் நடக்கிறது. டியூப் பிழைத்துக்கொண்டாலும் ரிம் நெளிகிறது, டயரின் பக்கச்சுவர் அறுபடுகிறது.

லேடெக்ஸ் டியூப் வேறு மாதிரி. மெல்லியதாக இருந்தாலும் பியூட்டைலைவிட நன்றாக நீள்கிறது, நசுங்கும்போது கிழியாமல் வழிவிடுகிறது, ஓட்டும்போதும் மென்மையாக இருக்கிறது. ஆனால் காற்று கசிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பம்ப் எடுக்கணும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் வாங்கினால் குறைந்த அழுத்தத்தில் கல்லில் ஏறி, எதைத் தவிர்க்க வாங்கினார்களோ அதையே சம்பாதிப்பார்கள். டிபியு எனும் பிளாஸ்டிக் வகை டியூப்கள் மிக லேசானவை, சின்னதாக மடியும். நான் அதைச் சக்கரத்துக்குள் போடுவதைவிடப் பையில் உதிரியாக வைத்திருக்கவே சொல்வேன், சாதாரண ரப்பர் பேட்ச் அதில் ஒட்டாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ, 29 அங்குல சக்கரம், 2.4 அங்குல டயர், சாதாரண டியூப், பின்சக்கரத்தில் காற்றழுத்தம் 24 பிஎஸ்ஐ. கல் இறக்கத்தில் பின்பக்கம் இரட்டைக் கீறலோடு பஞ்சர். ஒரு வழி, அதே 24 பிஎஸ்ஐயில் தடித்த டியூப் போடுவது. இன்னொரு வழி, அதே சாதாரண டியூபோடு 28க்கு ஏற்றுவது. நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், காசும் இல்லை, எடையும் இல்லை. இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாக ஏற்றி, ரிம் கல்லில் இடிக்கும் அந்த 'டங்' சத்தம் அநேகமாக நின்றுபோகும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தில் உடல் பாரம் குறைவு, அதனால் அங்கே 2 அல்லது 3 பிஎஸ்ஐ குறைத்தே வைக்கலாம், பிடிமானம் கிடைக்கும். ஒரே அழுத்தமானியை மட்டும் நம்புங்கள், இரண்டு பம்புகள் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம்.

அழுத்தத்தை ஏற்ற ஏற்ற சக்கரம் கல்லில் துள்ள ஆரம்பிக்கும், பின்பிரேக் பிடித்தால் வழுக்கும். 30க்கு மேல் போயும் சத்தம் நிற்கவில்லை, அதற்குமேல் ஏற்றினால் வண்டி கையில் நிற்கவில்லை என்றால், அப்போதுதான் தடித்த டியூபுக்கு முறை வருகிறது, அதுவும் பின்சக்கரத்துக்கு மட்டும். டயரே மெலிந்ததாக இருந்தால் அதற்கும் முன்னால் பக்கச்சுவர் கனமான டயரை யோசியுங்கள், எடையை அங்கே சேர்த்தால் டியூபையும் ரிம்மையும் சேர்த்துக் காப்பாற்றும்.

அளவையும் பாருங்கள். 1.75 முதல் 2.1 வரை என்று அச்சிட்ட டியூபை 2.4 டயரில் போட்டால் ஊதி நிரம்பும், எதுவும் தவறாகத் தெரியாது, ஆனால் இழுபட்டு மெலிந்திருக்கும். தடித்த டியூபுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் சரியான அகலத்தில் சாதாரண டியூபைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ரிம் டேப். உள்பக்கம் ஓட்டை வந்தால் டியூபை விரலால் தடவுங்கள், ஸ்போக் துளையின் வட்டம் அச்சடித்த மாதிரி பதிந்திருக்கும், அதன் நடுவிலோ ஓரத்திலோ கீறல் இருக்கும். மலிவான ரப்பர் பட்டைதான் இதில் முதல் சந்தேக ஆள். மவுண்டன் பைக் அழுத்தத்தில் அது துளைக்குள் பிதுங்குவது குறைவு, பக்கவாட்டில் நகர்ந்து துளையின் கூர் விளிம்பைத் திறந்துவிடுவதுதான் வழக்கம். கெட்டியான பிளாஸ்டிக் பட்டை நகராது, ஆனால் அகலம் பொருந்தாவிட்டால் அதன் ஓரமே கத்தியாகி டியூபை அறுக்கும். அப்படிப்பட்ட கீறல் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் சக்கரத்தோடு ஓடும்.

ஒட்டும் துணி டேப்தான் டியூபுக்கு என் தேர்வு. நகராது, ஓரம் மென்மை, வருடக்கணக்கில் இருக்கும். இரண்டு நிபந்தனைகள்: ரிம்மை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது, அகலம் துளைகளை மூடி இருபக்கமும் சில மி.மீ. தாண்ட வேண்டும், டயர் உட்காரும் ஓரத்துக்கு மேலே ஏறக் கூடாது. இது தடிமனானது, நடுப்பள்ளம் ஆழமில்லாத ரிம்மில் டயர் ஏற்றுவதே மல்லுக்கட்டாகிவிடும். அங்கே டியூப்லெஸ்ஸுக்கு வரும் மெல்லிய டேப்பை இரண்டு சுற்றுப் போடுங்கள், டியூபுக்கும் அது தாராளமாகப் போதும்.

வால்வுத் துளையையும் ஒருமுறை பாருங்கள். கார் வால்வுக்குத் துளைத்த ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூபைப் போட்டால் அடிப்பாகம் ஆடி ஆடி அங்கேயே கிழியும். அந்தக் கிழிசலில் பேட்ச் நிற்காது, டியூபைத் தூக்கிப் போட வேண்டியதுதான். துளையைச் சிறிதாக்கும் சின்ன வளையம் ஒன்று கிடைக்கும், அதைப் பொருத்திவிட்டு டியூபை மாட்டுங்கள்.