விடியற்காலை வருகை, இரவு விமானம்: ஹோட்டலுக்கு எப்படி மெயில் எழுதுவது?

கானாடுகாத்தானில், பழைய செட்டியார் வீடு ஒன்றை மாற்றி நடத்தும் ஹோட்டலில் மெயில்களுக்குப் பதில் போடுவது என் வேலை. அறைகள் மொத்தம் 11. வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி எழுதுவார்கள்: "சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறோம், காலை 5 மணிக்கெல்லாம் உங்களிடம் வந்துவிடுவோம். சீக்கிரம் ரூம் கிடைக்குமா? மறுநாள் ராத்திரி திருச்சியில் ஃப்ளைட், பெட்டிகளை வைத்துக்கொள்வீர்களா?" எங்கள் கணக்கில் அறை தருவது மதியம் 2 மணிக்கு, காலி செய்வது மறுநாள் 11 மணிக்கு. 5 மணிக்கு அறை வேண்டுமென்றால் மூன்று விதமாகக் கேட்கலாம்.

முதலாவது, சும்மா கேட்டுப் பார்ப்பது. செலவில்லை. ஆனால் "அறை காலியாக இருந்தால் தருகிறோம்" என்றுதான் பதில் வரும், அது வாக்குறுதி இல்லை. முந்தின இரவு அந்த அறையில் ஆள் இருந்தால், அவர் 11 மணிக்குக் கிளம்பி, அதன் பிறகுதான் சுத்தம் செய்ய முடியும். வாரநாளில் பெரும்பாலும் கிடைத்துவிடும். சனிக்கிழமையிலும் முகூர்த்த நாளிலும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, அரைநாள் வாடகை தருகிறேன் என்று முன்கூட்டியே எழுதுவது. ஒத்துக்கொண்டால் முந்தின இரவுக்கு அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைப்போம். நிரம்பி வழியும் நாட்களில் எந்த ஹோட்டலும் இதற்குச் சம்மதிக்காது, முழு இரவு வாடகையை விட்டுவிட்டுப் பாதியை ஏன் வாங்க வேண்டும்?

மூன்றாவது, முந்தின இரவையும் சேர்த்தே பதிவு செய்வது. செலவு அதிகம், ஆனால் உறுதியானது. வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் இதைத்தான் சொல்வேன். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வெள்ளி இரவுக்குப் பதிவு செய்தவர் நள்ளிரவு வரை வரவில்லை என்றால், ஆள் வரவில்லை என்று குறித்து மொத்தப் பதிவையும் ரத்து செய்யும் இடங்கள் உண்டு. சனி காலை பெட்டியோடு வந்து நிற்பவருக்கு சனிக்கிழமை அறையும் போயிருக்கும். அதனால் பணம் கட்டினாலும் ஒரு மெயில் கட்டாயம்: "வெள்ளி இரவு வரமாட்டோம், சனி காலை 5 மணிக்கு வருவோம், அறையை வைத்திருங்கள்."

இளைஞர்கள் இரண்டு பேர் என்றால் முதல் வழியே போதும், ஒரு வரி சேர்த்துக்கொண்டால் சரி. அறை இல்லாவிட்டால் பெட்டிகளை வைத்துவிட்டுக் குளிக்க இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். குளிக்க இடம் தருவது எங்களுக்கு எளிது. குளித்துவிட்டு பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தால் பாதி நாள் ஓடிவிடும். கோயில் நடை மதியம் சாத்துவார்கள் என்பதால் காலையில் போவதே தோது.

அப்புறம் கடைசி நாள். விமானம் இரவு 10.30 மணிக்கு சிங்கப்பூருக்கு என்று வைத்துக்கொள்வோம். 7.30க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். காரில் இரண்டு மணி நேரம், வழியில் காபிக்கு அரை மணி, ஆக 5 மணிக்குக் கிளம்பினால் போதும். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் போய் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. 11 மணியிலிருந்து 5 மணி வரை, ஆறு மணி நேரம்தான் பெட்டிகளுக்கு இடம் வேண்டும்.

வாடகைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டே சுற்றுவது பலர் செய்வது. எனக்கு அது பிடிப்பதில்லை. ஆத்தங்குடிக்கும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கும் போகும்போது பெட்டிகளோடு கார் தெருவில் நிற்கும். ஹோட்டலில் வைப்பது நல்லது, பெரும்பாலும் இலவசம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்ட சீட்டு கட்டச் சொல்லி, மறுபாதியை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வாங்கி வைத்தவர் மதியம் வேலை முடிந்து போயிருப்பார், மாலையில் இருப்பவருக்கு அந்தச் சீட்டுதான் அடையாளம். பாஸ்போர்ட், மருந்து, நகை மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இரண்டு கோரிக்கையையும் ஒரே மெயிலில் இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் பெயரில் சனி இரவுக்கு ஓர் அறை பதிவாகியுள்ளது, பதிவு எண் கீழே. சனி காலை 5 மணிக்கு வருவோம், இருவர். அப்போதே அறை கிடைக்குமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு? இல்லையென்றால் பெட்டிகளை வைத்துவிட்டுக் குளிக்க முடியுமா? ஞாயிறு 11 மணிக்கு அறையைக் காலி செய்து, நான்கு பெட்டிகளை மாலை 5 மணி வரை உங்களிடம் வைக்க விரும்புகிறோம். கிளம்பும் முன் முகம் கழுவி உடை மாற்ற இடம் வேண்டும். விடியற்காலையில் கதவு திறப்பவரின் போன் எண்ணையும் தாருங்கள்."

அந்தக் கடைசி வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் ராத்திரி முழுக்க வரவேற்பறையில் ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. காவலர் முகப்பில் படுத்திருப்பார். அவருக்கு முதல் நாளே நாங்கள் சொல்லி வைத்திருந்தால்தான் 5 மணிக்குக் கதவு திறக்கும்.