கட்டுரையில் பிடிபடும் தடம் நிரலில் ஏன் நழுவுகிறது?

மாணவர் தந்த கட்டுரை இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவி இருக்கிறதே, அதையே நிரல் அசைன்மென்டுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இரண்டையும் எழுதித் தருவது ஒரே வகை மொழி மாதிரிதான். ஆனால் எழுதுகிறவர் எத்தனை இடங்களில் தானாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதில் கட்டுரையும் நிரலும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கட்டுரையைப் பார்க்கும் கருவிகளில் பல, ஒவ்வொரு சொல்லும் அதற்கு முந்தைய சொற்களை வைத்துப் பார்த்தால் எவ்வளவு எதிர்பார்த்தது என்று அளக்கின்றன. "மழை நின்றதும்" என்று தொடங்கிய வாக்கியம் எங்கு வேண்டுமானாலும் போகலாம். மனிதர் அவ்வப்போது எதிர்பாராத பக்கம் திரும்புவார். மாதிரி பெரும்பாலும் நடந்து பழகிய பாதையிலேயே போகும். 500 சொல் கட்டுரையில் இப்படி நூற்றுக்கணக்கான திருப்பங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சின்னச் சாட்சிதான், ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஓர் எடை வருகிறது.

இனி நிரலைப் பார்ப்போம். பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், ஒரே எண் பலமுறை வந்தால் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பது அசைன்மென்ட். ஒரு மாணவர் தந்தது இது:

```python
def second_largest(numbers):
    unique = set(numbers)
    if len(unique) < 2:
        return None
    return sorted(unique)[-2]
```

இதில் `def` வந்ததும் பெயர், அடைப்புக்குறி, முக்காற்புள்ளி வந்தே தீர வேண்டும். `len(` வந்தால் உள்ளே போவது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எழுதியவர் உண்மையில் தேர்ந்தெடுத்தவை `set` என்ற வழி, இரண்டு மூன்று பெயர்கள், எண் இல்லாவிட்டால் `None` தருவது, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் மொழியின் இலக்கணமும் கேள்வியும் சேர்ந்து எழுதிவிட்டன. யார் எழுதினாலும் எதிர்பார்த்த மாதிரியேதான் இருக்கும். எதிர்பார்ப்பை அளக்கும் கருவிக்கு இங்கே அளக்க அதிகம் இல்லை.

எவ்வளவு குறைவு என்பதை நீர்க்குறி முறையை வைத்துக் கணக்கிட்டே பார்க்கலாம். 2023இல் வெளியான ஒரு முறையில், மாதிரி எழுதும்போதே ஒவ்வொரு இடத்திலும் சொற்களைப் பச்சை, சிவப்பு என்று இரகசியமாகப் பிரித்து, பச்சைப் பக்கம் சற்றுச் சாய்கிறது. பிறகு பச்சைகளை எண்ணுகிறோம். பாதி பச்சை, பாதி சிவப்பு என்று வைத்தால், சாதாரண எழுத்தில் சுமார் பாதி பச்சையாக இருக்கும். மாதிரி ஒரு தடவையில் எழுதும் சொல்லை அல்லது சொல்துண்டை டோக்கன் என்பார்கள். 200 டோக்கன் கட்டுரையில் 140 பச்சை வந்தால் அது எதிர்பார்த்த 100ஐ விட ஏறக்குறைய 5.7 திட்ட விலக்கம் அதிகம். தற்செயல் என்று சொல்லவே முடியாது.

60 டோக்கன் உள்ள ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். அதில் 15 இடங்களில் மட்டுமே சுதந்திரம் என்றால், மீதி 45இல் பச்சையும் சிவப்பும் பாதிப்பாதியாக, சுமார் 22 அல்லது 23 பச்சை வரும். சுதந்திரமான 15உம் முழுக்கப் பச்சையாகவே வந்தாலும் மொத்தம் 37 அல்லது 38தான். எதிர்பார்த்த 30ஐ விட இது ஏறக்குறைய 2 திட்ட விலக்கம்தான் அதிகம். இதை வைத்து ஒருவர் மேல் குற்றம் சாட்ட முடியாது. சுதந்திரமான இடங்களை மட்டும் எண்ணும் முறைகளும் வந்திருக்கின்றன. அவை உதவும், ஆனால் 15 இடங்களை 150 ஆக்க அவற்றாலும் முடியாது.

அடுத்தது தடத்தை அழிப்பது. இதில் கட்டுரைக்கும் நிரலுக்கும் உள்ள தூரம் எனக்கு இன்னும் கவலை தருகிறது. கட்டுரையை மாற்றி எழுதுகிறவர், பொருள் சிதையவில்லையா என்று தானே வாசித்துப் பார்க்க வேண்டும். நிரலில் அந்தச் சுமை கிடையாது. மாறிகளின் பெயரை மாற்று, கமென்டுகளை நீக்கு, `black` மாதிரி ஒரு ஃபார்மேட்டரை ஓட்டு, கடைசியில் சோதனைகளை ஓட்டு. எல்லாம் தேறினால் எதுவும் உடையவில்லை என்று இயந்திரமே உறுதி சொல்லிவிடும். இடைவெளி, வரி உடைப்பு, பெயர் வைக்கும் பழக்கம் ஆகிய மிச்சத் தடங்களும் அதோடு போய்விடும்.

தவறாகக் குற்றம் சாட்டும் ஆபத்து இரண்டிலும் உண்டு, ஆனால் மாட்டிக்கொள்கிறவர்கள் வேறு. கட்டுரையில், ஆங்கிலத்தைப் பின்னர் கற்றவர்கள் அதிகம் அகப்படுகிறார்கள். 2023இல் வந்த ஓர் ஆய்வில், டோஃபல் தேர்வுக்கு மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை இயந்திர எழுத்து என்றன. எளிய சொற்களை அளவாகப் பயன்படுத்தியதே அந்த மாணவர்கள் செய்த குற்றம். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றது. நிரலில், பாடத்தில் சொன்ன வடிவத்தை அப்படியே பின்பற்றும் தொடக்கநிலை மாணவரும், சுத்தமாக எழுதப் பழகிய நல்ல மாணவரும் அகப்படுவார்கள். சரியாகவும் சுருக்கமாகவும் எழுதியதே சந்தேகத்துக்குக் காரணமாவது கொடுமை.

சரி, பழைய நகல் பிடிக்கும் கருவிகள்? 1994இல் உருவான மாஸ், 1996இல் வந்த ஜேபிளாக் ஆகியவை பெயர்மாற்றத்தைத் தாண்டி நிரலின் அமைப்பை ஒப்பிடுகின்றன. இருவர் ஒருவரையொருவர் பார்த்து எழுதினால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அவற்றுக்கு ஒப்பிட இன்னொரு பிரதி வேண்டும். இயந்திரம் தன்னிடம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் சற்றே வேறாக எழுதித் தரலாம். மேலே உள்ள மாதிரி ஐந்து வரி நிரலில் பாதி வகுப்பு இயல்பாகவே ஒத்துப்போகும், அதனால் அங்கே ஒற்றுமை எதையும் நிரூபிக்காது.

ஆனால் நிரலுக்குக் கட்டுரையிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. அதை ஓட்டலாம், மாற்றச் சொல்லலாம். அதனால் நிரல் விஷயத்தில் நான் எழுத்தின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது வளர்ந்த வழியையும் எழுதியவர் அதைக் கையாளும் விதத்தையும் பார்ப்பேன். `git log` ஓட்டினால், பிழையோடு தொடங்கித் திருத்தித் திருத்தி வளர்ந்ததா, முழு நிரலும் ஒரே கமிட்டில் வந்து விழுந்ததா என்று தெரியும். அதுவும் முழுச் சாட்சியில்லை. வேறு இடத்தில் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் பதிவேற்றும் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் மேலே உள்ள நிரலைத் தந்தவரிடம் ஒரு கணினியையும் பத்து நிமிடத்தையும் கொடுத்து, இரண்டாவது பெரிய எண் மூலப் பட்டியலில் முதலில் வந்த இடத்தையும் சேர்த்துத் தரும்படி மாற்றச் சொல்வேன். `set` ஆக்கியதும் வரிசை தொலைந்துவிடுகிறது. தன் நிரலைப் புரிந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கிடைத்த எண்ணை `numbers.index(...)` என்று மூலப் பட்டியலிலேயே தேடுவார். புரியாதவர் வரிசைப்படுத்திய பட்டியலிலேயே இடத்தைத் தேடுவார், அல்லது `unique.index` என்று எழுதி, `set`க்கு அப்படி ஒன்று இல்லை என்ற பிழைச்செய்தி முன் நின்றுவிடுவார். நேரில் கேட்டால் பதறுகிறவர்கள் இருப்பதால்தான் வாய்மொழியாகக் கேட்காமல் கணினியைக் கொடுக்கிறேன்.

இயந்திரத்திடம் வாங்கி, பிறகு வரிவரியாகப் படித்துப் புரிந்துகொண்ட மாணவர் இதில் தேறிவிடுவார். அவரைப் பிரித்தறிய இந்த முறைக்கு வழியில்லை.