பைக் தவணை: ஹயர் பர்ச்சேஸும் ஹைப்பாதிகேஷனும்

பதிவுச் சான்றில் இரண்டும் நிதி நிறுவனத்தின் பெயரோடுதான் பதிவாகும். ஆனால் ஹயர் பர்ச்சேஸில் கடைசித் தவணை கட்டி வாங்கும் உரிமையைப் பயன்படுத்தும்வரை வண்டி நிறுவனத்துடையது, நாம் வாடகைதாரர். ஹைப்பாதிகேஷனில் வண்டி நம்முடையது, கடனுக்கு ஈடாக மட்டும் நிற்கிறது.

ஹயர் பர்ச்சேஸுக்கென்று 1972இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2005இல் நீக்கப்பட்டதால், இன்று நம்மைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் கையெழுத்திடும் தாள்தான். ஆகவே, எந்த வகையானாலும், பறிமுதல் பிரிவை முதலில் படியுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, எப்போது முன்னறிவிப்பின்றி எடுக்கலாம், விற்குமுன் பணம் கட்டி மீட்க இறுதி வாய்ப்பு உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும், வங்கி அல்லாத நிதி நிறுவனங்களிடம் ரிசர்வ் வங்கியும் இதையே எதிர்பார்க்கிறது.

மாதம் 4,000 வீதம் 24 தவணைகளில் 14 கட்டியபின் ஒருவர் மீதியைக் கட்டத் தவறுகிறார். வண்டி 30,000 ரூபாய்க்கு விலைபோகிறது. மீதிப் பத்துத் தவணைகளான 40,000ஐயும் உடனே கோரலாம் என்று தாள் சொன்னால் 10,000 பாக்கி. இன்னும் சேராத வட்டியைக் கழித்து அசலை மட்டும் கணக்கிட்டால் பாக்கி அதைவிடக் குறையும். ஹயர் பர்ச்சேஸ் தாள்களில் இந்தச் சேராத வட்டி ‘வாடகைப் பாக்கி’ என்ற பெயரில் மறைந்திருக்கக்கூடும் என்பதால், தெளிவான அசல்–வட்டி அட்டவணையுடன் வரும் ஹைப்பாதிகேஷனையே நான் தேர்வேன்.