மாட்டுக் காதில் புதுத் தோடு, பாலிசியில் பழைய நம்பர்: 55,000 ரூபாய் போன விதம்

மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருப்பவர்கள் இதைப் படித்ததும் தொழுவத்துக்குப் போய், காதுத் தோட்டில் இருக்கும் 12 இலக்க எண்ணையும் பாலிசியில் அச்சாகியிருக்கும் எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். பாலிசியில் அச்சாகியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். பேனாவால் யாராவது திருத்தி எழுதியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. நான் ஏமாந்தது அந்தப் பேனா எழுத்தில்தான்.

என்னுடையது இரண்டாம் ஈத்து கலப்பின ஜெர்சி. சித்திரையில் சொசைட்டிக்கு வந்த ஏஜென்ட் மூலமாக 55,000 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் போட்டேன். அன்றைக்கு எல்லாம் முறையாகவே நடந்தது. டாக்டர் வந்து மாட்டைப் பார்த்து, விலை மதித்து, நலச் சான்று எழுதினார். மஞ்சள் தோடு தெரியும்படி மாட்டோடு என்னையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

ஆடியில் ஒரு நாள் காலையில் கறக்கப் போனபோது இடது காது விளிம்புவரை கிழிந்து தொங்கியது. தோடு தீவனத் தொட்டிக்குள் கிடந்தது. காதின் நடுவில், இரண்டு நரம்புக்கு இடையே குத்தினால் தோடு நிற்கும். விளிம்பை ஒட்டிக் குத்தினால் எதிலாவது மாட்டி இழுத்துக் கிழித்துவிடும். எங்கள் மாட்டுக்கு ஓரமாகக் குத்தியிருந்தார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். மறுநாளே வந்து மறு காதில் புதுத் தோடு போட்டார், 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். என் பாலிசித் தாளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதிக் கையெழுத்தும் போட்டார். “கம்பெனிக்கு நான் சொல்லிடறேங்க்கா, நீங்க கவலைப்படாதீங்க” என்றார். பழைய தோட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். கம்பெனிக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐப்பசியில், மழை பெய்த மறுநாள், ஈரக் குதிரைமசாலை நிறையத் தின்றுவிட்டு வயிறு உப்பிப் படுத்தது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. பாலிசித் தாளில் இருந்த நம்பருக்கு உடனே போன் செய்து புகார் எண் வாங்கினேன். கம்பெனி ஆள் பார்க்கும்வரை புதைக்கவில்லை. அரசு மருந்தக டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று கொடுத்தார். வந்த ஆள் குனிந்து தோட்டைப் படித்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார், திரும்பவும் தோட்டைப் படித்தார். “இது வேற நம்பரா இருக்கேம்மா” என்றார். அதற்குப் பிறகு வந்த கடிதத்தில், இறந்த மாடு காப்பீடு செய்த மாடுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை, தோடு மாற்றிய பதிவும் இல்லை, இழப்பீடு தர இயலாது என்று எழுதியிருந்தது.

கோபம் வந்தாலும், கம்பெனி ஏன் அப்படிக் கேட்கிறது என்று புரிகிறது. ஒரு மாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு இன்னொரு மாடு செத்ததற்குக் கேட்பவர்களும் உண்டு. தோடு ஒன்றுதான் மாட்டையும் தாளையும் சேர்த்துக் கட்டுகிறது. பாலிசியிலேயே தோடு இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்று போட்டிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

தோடு விழுந்தால் செய்ய வேண்டியது இதுதான். கிழிந்த காதையும் பழைய தோட்டையும் அன்றே படம் எடுங்கள். டாக்டரை வைத்து மறுதோடு போட்டு, பழைய எண், புது எண் இரண்டையும் குறித்து அவரிடம் சான்று வாங்குங்கள். புதுத் தோட்டோடு எடுத்த படத்தையும் அந்தச் சான்றையும் சேர்த்து நீங்களே கம்பெனி அலுவலகத்துக்குக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அவர்கள் புது எண்ணை ஏற்று ஒரு தாள் அனுப்ப வேண்டும். எண்டார்ஸ்மென்ட் என்பார்கள். அது கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள்.

மாடு இறந்தால் கேட்கும் தாள்களில் இந்த எண்டார்ஸ்மென்ட்டும் இருக்க வேண்டும். மற்றபடி பூர்த்தி செய்த இழப்பீட்டுப் படிவம், பாலிசி, பிரேதப் பரிசோதனைச் சான்று, தோடு தெரிய எடுத்த படம், வங்கி விவரம் இவ்வளவும் வேண்டும். தோட்டையும் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

என் விஷயம் இன்னும் முடியவில்லை. சித்திரையில் எழுதிய நலச் சான்றில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு உள்வளைவு, வால் குஞ்சம் வெள்ளை என்று அடையாளம் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரும் அதே மூன்றையும் எழுதியிருக்கிறார். அதைக் காட்டிக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அந்த ஏஜென்ட் இப்போது என் போனை எடுப்பதில்லை. ஆனால் சொசைட்டிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் கையால் மறுதோடு போட்டவர்கள், எண்டார்ஸ்மென்ட் வந்ததா என்று கம்பெனி அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள்.