தமிழில் பெயர் பொறித்துத் தருகிறேன் என்பவரிடம் பொருளைக் கொடுப்பதற்கு முன்

பரிசுப் பொருள் விற்கும் சிறிய இணையக் கடை நடத்துகிறேன். பரிசுத்தாள் சுற்றுவது, வாழ்த்து அட்டை, பெயர் பொறிப்பது மூன்றையும் கூடுதல் கட்டணத்தில் தரத் தொடங்கியபோது, லேசர் இயந்திரம் வைத்திருந்த ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். எந்த மொழியானாலும் பொறிப்பேன், மாதிரிப் படம் அனுப்பி ஒப்புதல் வாங்காமல் பொருளைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து முன்பணமும் வாங்கிக்கொண்டார்.

எஃகுக் குடுவையில் 'செல்வி' என்று பொறிக்க வேண்டிய ஆர்டர் வந்தது. மாதிரிப் படம் வரவில்லை. குடுவை நேராக வாடிக்கையாளரிடம் போய்விட்டது. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். ச தனியாக நிற்கிறது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய கொம்பு பின்னால் தள்ளிப்போய் 'ல்' எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேசர் வண்ணப் பூச்சை எரித்துவிட்டு எஃகை வெளிக்காட்டுவதால் அழித்துத் திருத்தவும் வழியில்லை. தங்கைக்கு ஆசையாக வாங்கியவருக்கு என்ன பதில் சொல்வது?

பொறித்தவரிடம் கேட்டால், "நீங்கள் அனுப்பியதைத்தான் போட்டேன்" என்றார். அது பொய். ஆர்டரில் பெயர் சரியாகவே இருந்தது. கணினிகள் எழுத்துகளைப் பதிவுசெய்யும் யூனிகோடு முறையில் 'செ' என்பது ச முதலில், கொம்பு அடுத்து என்றே பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. நம் உலாவி அதைச் செய்துவிடுகிறது. அதனால் கடைப் பக்கத்தில் தெரியும் முன்னோட்டம் அழகாக இருக்கும். அவருடைய பொறிப்பு மென்பொருளுக்கோ அது தெரியாது. இந்தக் குறை தெரிந்திருந்தும் அவர் ஆங்கில மாதிரிகளை மட்டும் காட்டி வேலையைப் பிடித்திருக்கிறார்.

வாழ்த்து அட்டையிலும் இதே அலட்சியம். அவருடைய படிவம் எழுத்து வரம்பை யூனிகோடுக் குறிகளைக் கொண்டு எண்ணியது. 'கி' நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு. ஒருவரின் வாழ்த்து பாதிச் சொல்லில் அறுந்து அச்சாகிப் போனது. பரிசுத்தாளுக்குள் விலைச்சீட்டையும் வைத்து அனுப்பினார்; அதைப் பற்றிப் பேசவே வெறுப்பாக இருக்கிறது.

இப்படி ஒருவரிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள் 'கொ', 'தே', 'மௌ', 'ஸ்ரீ' எல்லாம் வரும் ஒரு வரியைக் கொடுத்து, கழிவு உலோகத் துண்டில் கண்ணெதிரே பொறித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழைச் சரியாகக் காட்டும் வரைகலை மென்பொருளில் பெயரை அமைத்து, எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றிய கோப்பையே இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும்; அப்போது கொம்பு இடம் மாறாது. மாதிரிப் படம் இயந்திரத்துக்குப் போகும் அந்தக் கோப்பிலிருந்தே வர வேண்டும், கடைப் பக்கத்து முன்னோட்டம் போதாது. பிழையாகப் பொறித்தால் கூலியோடு பொருளின் விலையையும் அவரே தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். என்னிடம் அவர் கூலியை மட்டும் விட்டுக்கொடுத்தார். குடுவையின் விலையும் முன்பணமும் இன்றுவரை வரவில்லை.