"நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார்" என்று ஆம்னி பஸ்காரர் சொன்னால் செய்யாதீர்கள்

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சென்னையிலிருந்து தெற்கே போக ஆம்னி பஸ்ஸில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தப் பதிவு. இந்த ஏமாற்று வேலை பண்டிகைக்குப் பண்டிகை ஒரே மாதிரிதான் நடக்கிறது. பணம் கையை விட்டுப் போவது பஸ் ரத்தாகும்போது அல்ல. அதற்குச் சற்று முன்பு வரும் ஒரு போன் பேச்சில்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது.

2026 பொங்கலுக்குத் திருநெல்வேலி போக இருந்த நால்வர் கொண்ட குடும்பம் ஒன்றின் கணக்கைப் பாருங்கள். ஜனவரி 13, செவ்வாய் இரவு, ஏசி ஸ்லீப்பர். நவம்பர் கடைசியிலேயே புக் செய்ததால் சீட்டுக்கு 1,300 ரூபாய்தான், நான்கு பேருக்கும் சேர்த்து 5,200. ஜனவரி 9 அன்று டிராவல்ஸிலிருந்து போன் வந்தது. "வண்டி ரிப்பேர் சார், அன்னைக்கு ஓடாது. ஆப்புல நீங்களே கேன்சல் போட்டுடுங்க, ஃபுல் அமௌன்ட்டும் வந்துடும்." அவர்களும் நம்பி கேன்சல் போட்டார்கள். 15 சதவீதம் பிடித்தம் போக வந்தது 4,420 ரூபாய். அன்று மாலை அதே தேதிக்குத் தேடிப் பார்த்தால், அதே டிராவல்ஸில் 9.30 மணி வண்டியைக் காணோம். 9.45க்கு "ஸ்பெஷல்" என்று ஒரு வண்டி நின்றது, அதே படுக்கை அமைப்போடு. சீட்டுக்கு 3,400 ரூபாய்.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஆப்பின் பதிவில் அந்த ரத்து பயணி செய்த ரத்தாக ஏறிவிட்டது. டிராவல்ஸ் தானாக ரத்து செய்திருந்தால் முழுப் பணமும் திரும்ப வந்திருக்கும், சேவை தரவில்லை என்பதற்கு எழுத்துச் சான்றும் இருந்திருக்கும். பயணியே பொத்தானை அழுத்தியதால் பிடித்தமும் அவர் தலையில் விழுந்தது, புகார் கொடுத்தாலும் "அவர்களாகவே ரத்து செய்துவிட்டார்கள்" என்று பதில் சொல்ல வழியும் கிடைத்துவிட்டது.

அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஆம்னி பஸ்கள் ஓடுவது ஒப்பந்த ஊர்தி அனுமதியில். அரசு பஸ்ஸுக்கு இருப்பதுபோல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த கட்டணம் நடைமுறையில் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே சாதாரண விலையில் விற்றுப்போன சீட்டு, பண்டிகை வாரத்தில் அவர்கள் கண்ணுக்கு நஷ்டமாகத் தெரிகிறது. நாணயமாக ஓட்டுபவர்கள் சொன்ன விலைக்கே ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அப்படிப் பலர் இருக்கிறார்கள். வண்டி உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. அப்படிப் பழுதானால் வேறு வண்டி தருவார்கள், அல்லது தாங்களே ரத்து செய்து பணத்தைத் திருப்புவார்கள். உங்களை கேன்சல் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

ஆகவே அந்த போன் வந்தால் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "நான் ரத்து செய்ய மாட்டேன், வண்டி ஓடாது என்றால் நீங்களே ரத்து செய்யுங்கள், மெசேஜ் அனுப்புங்கள்." அழைப்பைப் பதிவு செய்யுங்கள். பிறகு அன்றும் மறுநாளும் அதே தேதி, அதே வழித்தடத்தில் தேடி, ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தில் அந்த வண்டி கூடுதல் விலையில் முளைத்திருக்கிறதா என்று பார்த்து, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழைய டிக்கெட், ரத்து மெசேஜ், பிறகு அதிக விலைக்கு எடுத்த டிக்கெட் ஆகிய மூன்றையும் சேர்த்து வையுங்கள். இரண்டு கட்டணத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் இழப்பு, கேட்க வேண்டியதும் அதைத்தான்.

போக்குவரத்துத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 6151. அடாவடிக் கட்டணம், டிக்கெட்டில் போட்டதற்கு மேல் வண்டியில் ஏறும்போது பணம் கேட்பது, ஏசி என்று விற்றுவிட்டு ஏசி இல்லாத வண்டியை நிறுத்துவது, இவற்றை அங்கே உடனே சொல்லுங்கள். வண்டி எண்ணோடு சொன்னால்தான் ஆய்வாளர்களால் வழியில் நிறுத்திச் சோதிக்க முடியும். பணத்தைத் திரும்பப் பெற தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், டிராவல்ஸ் அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் புகாரால் ஜனவரி 13 இரவு ஊர் போய்ச் சேர முடியாது. பணம் கணக்குக்குத் திரும்ப ஒரு வாரம்கூட ஆகலாம், அதற்குள் பொங்கலே முடிந்துவிடும். மாற்று வழியை முதலிலேயே கட்டி வைக்க வேண்டும்.

ரயில்தான் முதல் தேர்வு. முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14. தென்மாவட்ட ரயில்கள் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். திறக்கும் நாளில் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு வேண்டும், எனவே அந்த வேலையை முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். காத்திருப்புச் சீட்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஆன்லைனில் எடுத்தது சார்ட் தயாரான பிறகும் முழுக்கக் காத்திருப்பில் இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் பெட்டியில் ஏற முடியாது. தட்கல் பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கும்: ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

ரயில் கிடைக்கவில்லை என்றால், ஆம்னிக்கு முன்னால் tnstc.in தளத்தில் அரசு விரைவுப் பஸ்ஸைப் பாருங்கள். பண்டிகை என்பதற்காக அங்கே கட்டணம் மூன்று மடங்காக ஏறாது. ஆம்னியில் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றாலும், அரசு பஸ்ஸில் ஒரு சீட்டைப் போட்டு வைத்துப் பிறகு ரத்து செய்வதில் போகும் சிறு பிடித்தம், கடைசி நாளில் நான்கு பேருக்கும் 13,600 ரூபாய் கொடுப்பதைவிட எவ்வளவோ தேவலாம். சிறப்புப் பஸ்களைப் பண்டிகை நெருங்கும்போது அறிவிப்பார்கள். அறிவிப்பு வந்த நாளிலேயே பாருங்கள், கூடுதல் வண்டிகளுக்கு அப்போதுதான் சீட்டுத் திறக்கும்.

எதுவுமே இல்லை என்றால் பயணத்தைத் துண்டாக்குங்கள். நேரடித் திருநெல்வேலி வண்டிக்கு இரவில் அடிபடுவதைவிட, காலையில் கிளாம்பாக்கம் போய்த் திருச்சி வண்டி, அங்கிருந்து மதுரை, அங்கிருந்து திருநெல்வேலி என்று மாறிப் போகலாம். திருச்சிக்குத் தெற்கே வண்டி கிடைப்பது அவ்வளவு கடினமில்லை, சென்னையை விட்டு வெளியேறுவதில்தான் முழுப் பாடும். மாலைக்கு மேல் கிளம்பினால் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி தாண்டும் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். முன்பதிவே இல்லாமல் ரயிலில் போவதென்றால் தாம்பரம்–நாகர்கோவில் அந்த்யோதயா இருக்கிறது. முழு ரயிலும் முன்பதிவில்லாப் பெட்டிகள். பண்டிகை நாளில் மாலையிலேயே வரிசை கட்டிவிடும். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கேன்சல் வேலையை ஆம்னிக்காரர்கள் செய்வார்கள். ஜனவரி 18க்கு ரயில் திறந்தது நவம்பர் 19. போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் அந்தத் தேதியைத் தவற விடுபவர்கள்தான் அதிகம்.