செக்கெண்ணெய் வாங்கப் போனால் புண்ணாக்கு விலையையும் கேளுங்கள்

இந்த முறை ஊருக்குப் போனபோது கண்ணில் அதிகம் பட்டது செக்கெண்ணெய்க் கடைகள்தான். காங்கேயத்திலிருந்து வெள்ளக்கோவில் போகும் வழியில் மட்டும் 'மரச்செக்கு', 'வாகை மரச்செக்கு', 'பாரம்பரியச் செக்கு' என்று பலகைக்குப் பலகை. கொப்பரைக்கும் தேங்காயெண்ணெய்க்கும் பேர்போன வட்டாரம்தான். ஆனால் நான் டொரண்டோவுக்குக் கொண்டுபோக நினைத்தது கடலெண்ணெய். அங்கே தமிழ்க் கடையில் கிடைக்கும் செக்கெண்ணெய் பாட்டிலில் விலையைத் தவிர வேறெதையும் நம்ப முடிவதில்லை.

சித்தி வழக்கமாக வாங்கும் செக்குக்குப் போனேன். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். மோட்டாரில் ஓடும் இரண்டு செக்கு, பின்னால் ஒரு வாசல், அதில் வெயில் காயும் எண்ணெய்ப் பாத்திரங்கள். கணக்கு முழுக்க அந்த அக்காவின் கையில். கடலெண்ணெய் லிட்டர் முந்நூறு ரூபாய் என்றார். டவுனில் ஒரு கடையில் இருநூற்று இருபதுக்கு 'சுத்தமான மரச்செக்கு' பாட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "ஏனுங் தம்பி, ஒரு ஈடு ஆட்டற வரைக்கும் உக்காந்து பாருங்க. அப்புறம் நீங்களே கணக்குப் போட்டுக்கங்க" என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு ஈட்டுக்குப் பதினாறு கிலோ நிலக்கடலைப் பருப்பு. முந்தின நாள் வெயிலில் காயவைத்தது. செக்கு சுற்ற ஆரம்பித்ததும் முதலில் பருப்பு நொறுங்கும், பிறகு மாவாகும், பிறகு களியாகும். பருப்பு அதிகம் காய்ந்திருந்தால் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள். இல்லாவிட்டால் எண்ணெய் பிரியாமல் மாவாகவே நிற்கும். அரை மணி கழித்துத்தான் எண்ணெய் வடிய ஆரம்பித்தது. கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. 'சூடே ஆகாது' என்று பலகையில் எழுதுவது சரியில்லை. உரசும் இடத்தில் சூடு வரத்தான் செய்யும். செக்கு மெதுவாகச் சுற்றுவதால் அது எல்லை மீறுவதில்லை, வெளியிலிருந்து யாரும் சூடேற்றுவதுமில்லை, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியபின் நிறுத்தி, சுவரில் இறுகிய புண்ணாக்கைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். எண்ணெய் வெள்ளைத் துணி கட்டிய பாத்திரத்தில் இரண்டு நாள் வெயிலில் இருந்து மண்டி அடியில் தங்கிய பிறகுதான் பாட்டிலுக்குப் போகும். மண்டி கழிந்து தெளிந்த எண்ணெய் ஏழு லிட்டர் தேறும் என்றார். புண்ணாக்கு ஒன்பது கிலோ.

இனி கணக்கு. பருப்பு அன்றைக்குக் கிலோ நூற்று இருபத்தைந்து. பதினாறு கிலோ இரண்டாயிரம். புண்ணாக்கு கிலோ நாற்பத்தைந்து என்று விற்றால் நானூற்று ஐந்து திரும்பி வரும். இதே எண்ணெயை டவுன் கடை விலைக்கு விற்றால் ஏழு லிட்டருக்கு 1,540 ரூபாய். புண்ணாக்குக் காசையும் சேர்த்தால் 1,945. பருப்பு வாங்கிய காசுகூட வரவில்லை. ஆள் கூலி, கரண்ட், பாட்டில், வாடகை எதையும் இதில் சேர்க்கவே இல்லை. முந்நூறுக்கு விற்றால் 2,505 வருகிறது. பருப்புக் காசு போக ஐந்நூற்றுச் சொச்சம் மிஞ்சும். அதில்தான் மற்ற செலவெல்லாம்.

அதை வைத்து டவுன் கடைக்காரர் பாமாயில் கலக்கிறார் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அவர் கிலோ நூறு ரூபாய்க்குப் பருப்பு வாங்கியிருந்தால் மூலப்பொருள் ஆயிரத்து அறுநூறுதான். அப்போது இருநூற்று இருபதிலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது எது? உடைந்தது, சுருங்கியது, போன வருஷத்துச் சரக்கு, சொத்தை. அதில் ஆட்டிய எண்ணெயும் நூற்றுக்கு நூறு கடலெண்ணெய்தான். எந்தக் கலப்படச் சோதனையிலும் தேறிவிடும். இந்த விஷயம்தான் எனக்கு உறைத்தது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். ஆட்டும்போது அதில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போனாலும் கொஞ்சம் எண்ணெயிலும் இறங்கும். ரீஃபைண்ட் ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் அந்த வேலையே கிடையாது. 'எதுவும் நீக்காதது' என்று பெருமையாகச் சொல்லும்போது இதுவும் அதில் அடக்கம். ஆகவே செக்கெண்ணெயில் பாட்டிலைப் பார்ப்பதைவிட மூட்டையைப் பார்க்க வேண்டும். அக்காவிடம் கேட்டேன், மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். கறுத்தது, சுருங்கியது இரண்டு மூன்றுதான் இருந்தன. ஒன்றை வாயில் போட்டேன், காறல் இல்லை. காட்டத் தயங்கும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

ரீஃபைண்ட் எண்ணெய் மட்டும் எப்படி மலிவாகிறது என்றும் கேட்பார்கள். பெரிய ஆலையில் எக்ஸ்பெல்லரில் பிழிந்த பிறகும் மிச்சமிருப்பதைக் கரைப்பான் ஊற்றி எடுத்துவிடுவார்கள். கடைசியில் புண்ணாக்கில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் எண்ணெய் நிற்கும். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் நிறையவே தங்கிவிடும். நாம் கொடுக்கும் கூடுதல் காசில் ஒரு பங்கு மாட்டுக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அந்தச் செக்கில் விடாமல் வருகிற ஆட்கள் எண்ணெய்க்காரர்களைவிட மாட்டுக்காரர்கள்தான். நான் இருந்தபோதே ஒருவர் வண்டியை நிறுத்தி, புண்ணாக்கைக் கையில் எடுத்து, விரலில் பிசுக்கு ஒட்டுகிறதா என்று நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடை போடச் சொன்னார். எண்ணெய் வாங்க வந்த யாரும் அப்படிச் சோதித்து நான் பார்க்கவில்லை.

கடையில் காட்டும் சோதனைகளுக்கு வருவோம். தேங்காயெண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து உறைவதைக் காட்டுவார்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், உண்மை. ஆனால் ரீஃபைண்ட் தேங்காயெண்ணெயும் அப்படித்தான் உறையும். எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் கலந்திருந்தாலும் உறையும். கடலெண்ணெய் ஃபிரிட்ஜில் கலங்கினால் பாமாயில் கலப்பு என்பார்கள். நல்ல கடலெண்ணெயே அந்தக் குளிரில் கலங்கக்கூடும். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற லேபிளுக்கு அர்த்தமே இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாக அது கிடையாது, பாமாயில் உட்பட.

ஆய்வகத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். பாமாயிலில் பால்மிட்டிக் என்ற கொழுப்பமிலம் கடலெண்ணெயைவிட மூன்று நான்கு மடங்கு. நாலில் ஒரு பங்கு கலந்தாலும் கொழுப்பமிலச் சோதனையில் தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவில் வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி இருக்கிறது. சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விடுமுறையில் வந்தவனுக்கு அந்த அலைச்சல் ஒத்துவராது. ஊரிலேயே இருப்பவர்கள் நாலு குடும்பம் சேர்ந்து செய்யலாம்.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. மாதாந்திர வாடிக்கையாளர் கணக்கு. வருகிறவர்களைவிட நின்றுபோனவர்களைப் பற்றித்தான் அவர் சுவாரசியமாகச் சொன்னார். "பஜ்ஜி போட்டா நொரை பொங்குதுன்னு நிறுத்திட்டாங்க. வாசம் ஜாஸ்தின்னு புள்ளைங்க திங்கறதில்லைன்னு ரெண்டு வீடு. விலை கட்டலைன்னு கொஞ்சப் பேரு." நுரை பொங்குவதற்குக் காரணம் உண்டு. ரீஃபைண்டில் நீக்கிவிடும் பசைப்பொருள் செக்கெண்ணெயில் அப்படியே இருக்கிறது. தாளிக்க, குழம்புக்கு, தோசைக்கு அருமை. சட்டி நிறைய ஊற்றிப் பொரிக்க ஒத்துவராது, சீக்கிரம் புகையவும் செய்யும். இதை எந்தக் கடைப் பலகையும் சொல்வதில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள், ரீஃபைண்ட் கலந்த எண்ணெயில் நுரை குறைவு, வாசம் மிதம், விலையும் குறைவு. அதை வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார். டவுன் கடையில் அன்று நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நானும் உள்ளே போனேன். கூட்டம் ருசிக்கும் விலைக்கும் சாட்சி சொல்லும், கலப்பில்லை என்பதற்குச் சொல்லாது.

நான் மதிப்பது வேறொரு வகை வாடிக்கையாளர்களை. சொந்தக் கடலையைக் காயவைத்துக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிப் போகிறவர்கள். எண்ணெயையும் புண்ணாக்கையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள், கூலி மட்டும் கிலோவுக்கு இவ்வளவு என்று. இவர்களுக்குத் தங்கள் கடலையில் எவ்வளவு எண்ணெய் இறங்கும் என்று வருஷக்கணக்காகத் தெரியும். கால் லிட்டர் குறைந்தாலும் கேட்பார்கள். கடலைக்காரர் வந்து உட்காராமல் செக்கை ஓட்டுவதில்லை என்பது அந்தக் கடை வழக்கம். "அப்புறம் மாத்திட்டீங்கன்னு பேச்சு வருங்" என்றார் அக்கா. எந்தச் செக்கில் கூலிக்கு ஆட்டுகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்களோ, அங்கே பாட்டில் எண்ணெயும் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு.

குறையும் உண்டு. தூக்கில் அளந்து ஊற்றித் தரச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் கேட்கிறார்கள், அவர்களும் ஊற்றுகிறார்கள். சமையல் எண்ணெயை மூடி முத்திரையிடாமல் சில்லறையாக விற்பதற்குத் தடை இருக்கிறது. பாட்டிலில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண் இருந்தது, ஆனால் ஆட்டிய தேதி அழியும் மையில். கண்ணாடிப் பாட்டில் கேட்டால் இல்லை. மண்டி முழுக்கத் தெளியாத பாட்டில் ஒன்றும் கலந்து வந்தது. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஐந்து லிட்டர் கேனாக ஒன்று வாங்கினேன். மூடியைச் சுற்றி டேப், அதன்மேல் இரண்டு பாலித்தீன் கவர், பழைய வேட்டியில் சுற்றிச் செக்-இன் பெட்டியின் நடுவில். கசியவில்லை. டொரண்டோ வந்ததும் சின்ன பாட்டில்களில் பிரித்து இருட்டான அலமாரியில் வைத்தாயிற்று. மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லியிருக்கிறார் அக்கா. அதற்கு மேல் போனால் காறல் வாடை வரும், வந்தால் விளக்குக்கு ஊற்றிவிடுங்கள் என்றார். கூரியரில் அனுப்புவீர்களா என்று கேட்டதற்கு, எண்ணெய் விலையைவிட அனுப்புகிற செலவு அதிகம் ஆகும், சித்தி வீட்டிலிருந்து யாராவது வரும்போது கொடுத்துவிடுகிறேன் என்றார்.